நூறு மீட்டர் கம்பியும் காஸ்-சைடலும்

லோட் ஃப்ளோ பாடத்தில் எல்லாப் புத்தகத்திலும் ஒரு அட்டவணை வரும். இடது பக்கம் காஸ்-சைடல், வலது பக்கம் நியூட்டன்-ராப்சன். இடது பக்கம் எளிது, நினைவகம் குறைவு, சுற்றுகள் அதிகம். வலது பக்கம் கடினம், நினைவகம் அதிகம், மூன்று முதல் ஐந்து சுற்றில் விடை. நானும் பி.இ. தேர்வுக்கு அதை அப்படியே மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். அந்த அட்டவணையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சின்ன நெட்வொர்க்கில் இந்த இரண்டு முறைகளும் எங்கே பிரிகின்றன, ஏன் பிரிகின்றன என்பதை அது சொல்வதே இல்லை. சொல்லியிருந்தால் சென்ற வருடம் குன்னூர் நண்பரிடம் நான் அசடு வழிந்திருக்க மாட்டேன்.

நண்பருக்குக் குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரி. சொந்தத் தோட்டம் கிடையாது, சின்ன விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி அரைப்பவர். 11 கேவி லைன் ஒன்றின் கடைசியில் இருக்கிறார். இன்னொரு சி.டி.சி. வரிசையும் டிரையரும் போட நினைத்தார். "வோல்டேஜ் தாங்குமா பாருங்களேன், நீங்க எலக்ட்ரிகல் படிச்சவர்தானே" என்றார். படித்து இருபது வருடம் ஆகிறது, இப்போது மென்பொருள் எழுதுகிறேன் என்றெல்லாம் சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இருபது வரியில் காஸ்-சைடல் எழுதினேன். இப்போதைய சுமைக்கே முதலில் ஓட்டிப் பார்த்தேன். ஒரே சுற்றில் குவிந்துவிட்டது. ஃபேக்டரி முனையில் வோல்டேஜ் 0.999. "ஒரு பிரச்சினையும் இல்லை, தாராளமா போடுங்க" என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அவருடைய எலக்ட்ரீஷியன் போனில் வந்தார். வயதானவர், மரியாதையாகத்தான் பேசினார். "சார், இலை வர்ற நேரத்துல பேனல் மீட்டர் முந்நூத்தி எண்பதுதான் காட்டும். வாட்டுற தொட்டி ஃபேன் எல்லாம் ஓடும்போது அதுக்கு மேல ஏறவே ஏறாது. நீங்க நூத்துக்கு நூறுன்னு போட்டிருக்கீங்களே?"

அவர் மீட்டர் சரி. என் கணக்குத்தான் தப்பு. எங்கே தப்பு என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் மிகச் சின்ன நெட்வொர்க். இரண்டே முனைகள். (புத்தகத்தில் 'பஸ்' என்பார்கள். கம்பிகள் சந்திக்கும் புள்ளி, அவ்வளவுதான். நான் முனை என்றே எழுதுகிறேன்.) முதல் முனை துணை மின்நிலையம். அங்கே வோல்டேஜ் 1.0 என்று நிலையாக வைத்துக்கொள்வோம். இரண்டாவது, லைன் கடைசியில் இருக்கும் சுமை. நடுவே சுமார் பத்தரை கிலோமீட்டர் 'வீஸல்' வகை அலுமினியக் கம்பி. இதன் மின்தடை கிலோமீட்டருக்கு 0.9 ஓம் சொச்சம். 11 கேவி, 1 எம்விஏ அடிப்படையில் முழுநீளத்துக்கும் வட்டமாக 0.08+j0.03 பெர் யூனிட் எடுத்துக்கொண்டேன். சுமை 0.8 மெகாவாட், 0.6 மெகாவார். அந்தப் பக்கம் இருக்கும் ஃபேக்டரிகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்துப் போட்ட கணக்கு. மின்வாரியத்தின் வரைபடத்திலிருந்து எடுத்த எண்கள் அல்ல, கையால் சரிபார்க்க வசதியாக நான் தேர்ந்தவை.

இதற்குக் காஸ்-சைடல் எழுதினால் இவ்வளவுதான்:

```python
z, S = 0.08+0.03j, 0.8+0.6j
V = 1+0j
for k in range(8):
    V = 1 - z*(S/V).conjugate()
    print(k+1, abs(V))
```

ஒரு வோல்டேஜை ஊகிக்கிறோம். அந்த வோல்டேஜில் இந்தச் சுமை எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று பார்க்கிறோம். அந்தக் கரண்டுக்கு லைனில் எவ்வளவு வோல்டேஜ் விழும் என்று கழிக்கிறோம். புது வோல்டேஜ் வருகிறது. மறுபடியும் அதே வேலை. வரும் விடைகள்: 0.91831, 0.91036, 0.90959, 0.90950. சரியான விடை 0.90949. பிழையைப் பாருங்கள். முதல் சுற்றில் 0.0088, அடுத்து 0.0009, அடுத்து 0.00009. சுற்றுக்கு ஒரு தசம இலக்கம் சரியாகிறது.

இதையே நியூட்டன்-ராப்சனில் போட்டால் முதல் சுற்றில் 0.91800, இரண்டாவதில் 0.90958, மூன்றாவதில் விடை. முதல் சுற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன. நியூட்டனின் இரண்டாம் சுற்றும் காஸ்-சைடலின் மூன்றாம் சுற்றும் கிட்டத்தட்ட ஒரே எண். ஐந்து இலக்கம் வேண்டுமென்றால் ஒருவருக்கு மூன்று சுற்று, இன்னொருவருக்கு ஐந்து. காஸ்-சைடலின் ஒரு சுற்றில் ஒரே ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும்தான். நியூட்டனில் சைன், கொசைன், நான்கு பகுதி வகையீடுகள், ஒரு 2×2 சமன்பாடு. இங்கே புத்தக அட்டவணையின் தீர்ப்பே தலைகீழாகிறது.

அந்தப் பத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது? இதைத்தான் எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லவில்லை. சமன்பாட்டை வகையிட்டுப் பார்த்தால், ஒவ்வொரு சுற்றிலும் பிழை இந்த எண்ணால் பெருகுகிறது:

```
ρ = |Z|·|S| / |V|²
```

|V|²/|S| என்பது என்ன? சுமையின் இம்பீடன்ஸ். அப்படியானால் இந்த ρ வேறொன்றும் இல்லை, லைன் இம்பீடன்ஸை சுமை இம்பீடன்ஸால் வகுத்தது. நம் கணக்கில் 0.0854-ஐ 0.827-ஆல் வகுத்தால் 0.103. திரையில் ஓடும் எண்கள் எவ்வளவு வேகமாக அடங்குகின்றன என்பது அல்காரிதத்தின் குணம் மட்டும் அல்ல, அந்த லைனின் குணமும்தான். வலுவான லைன், சின்னச் சுமை என்றால் சீக்கிரம் அடங்கும். இழுத்துப் பிடித்த லைன் என்றால் தயங்கும்.

எவ்வளவு தயங்கும் என்று பார்க்க, அதே பவர் ஃபேக்டரில் சுமையை ஏற்றிக்கொண்டே போனேன். இரண்டரை மடங்கு ஆக்கினால் வோல்டேஜ் 0.706, ρ 0.43. ஒரு இலக்கம் சரியாக ஏறக்குறைய மூன்று சுற்று வேண்டும். 2.9 மடங்கில் வோல்டேஜ் 0.59, ρ 0.71, இலக்கத்துக்கு ஏழு சுற்று. 2.98 மடங்கில் ρ 0.914, இலக்கத்துக்கு இருபத்தைந்து சுற்று. 2.986-ஐத் தாண்டினால் விடையே கிடையாது. லைன் இம்பீடன்ஸும் சுமை இம்பீடன்ஸும் சமமாகும் இடம் அது. அதற்கு மேல் அந்தக் கம்பியால் சக்தியைக் கொண்டுபோக முடியாது. மூன்றாம் செமஸ்டரில் படித்த அதிகபட்ச சக்திப் பரிமாற்றத் தேற்றம்தான் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. அந்த இடத்தில் ρ மிகச் சரியாக 1.

(நிஜ ஃபேக்டரியில் 0.59 வோல்டேஜ் வரை யாரும் போகமாட்டார்கள். மோட்டார்கள் அதற்கு முன்பே திணறி நின்றுவிடும். சுமை எந்த வோல்டேஜிலும் அதே கிலோவாட்டை இழுக்கும் என்பது கணக்கின் வசதிக்காக வைத்துக்கொண்ட அனுமானம்.)

நியூட்டன் அந்த ஓரத்தில் என்ன செய்கிறது? அதுவும் தடுமாறத்தான் செய்கிறது. அந்த இடத்தில் ஜேக்கோபியன் மாட்ரிக்ஸின் டிடர்மினன்ட் பூஜ்யத்தை நெருங்குகிறது. சுற்றுக்குச் சுற்று சரியான இலக்கங்கள் இரட்டிப்பாகும் அந்தப் புகழ்பெற்ற வேகம் போய், பிழை பாதி பாதியாகத்தான் குறைகிறது. 2.98 மடங்கில் ஏழெட்டுச் சுற்று பிடிக்கும். விடைக்கு மிக அருகில் போன பிறகுதான் பழைய வேகம் திரும்புகிறது. என்றாலும் நூற்றுக்கு மேற்பட்ட சுற்றுகளோடு ஒப்பிட்டால் ஏழெட்டு எவ்வளவோ மேல். அதை மறுக்கவில்லை.

இன்னொரு வித்தியாசம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்தச் சமன்பாட்டுக்கு இரண்டு விடைகள் உண்டு. நம் சுமைக்கு ஒன்று 0.909, மற்றது 0.094. இரண்டாவது காகிதத்தில் மட்டும் வாழும் விடை. ஃபேக்டரி அங்கே ஓடாது. இரண்டு விடைகளிலும் ρ-வைக் கணக்கிட்டால் ஒன்று மற்றதன் தலைகீழ்: மேலே 0.103, கீழே 9.7. அதாவது கீழ் விடையின் பக்கத்திலேயே காஸ்-சைடலைக் கொண்டுபோய் உட்கார வைத்தாலும் அது அங்கிருந்து ஓடிவிடும். பிழை சுற்றுக்குப் பத்து மடங்கு பெருகும் இடத்தில் அது எப்படி அடங்கும்? நியூட்டனுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. கீழ் விடைக்கு அருகில் தொடங்கினால் சமர்த்தாக அங்கேயே போய் உட்கார்ந்து 'குவிந்தது' என்று சொல்லும். நிலைத்தன்மை ஆராய்ச்சிக்காக அந்த விடையையே தேடுகிறவர்களுக்கு இது வரம். என்னைப் போல இருபது வரி எழுதிவிட்டு நம்புகிறவனுக்கு ஆபத்து.

சரி, இரண்டு முனையில் காஸ்-சைடல் இவ்வளவு ஒழுங்கான பிள்ளை என்றால், எனக்கு 0.999 எப்படி வந்தது?

நான் எழுதியது மூன்று முனை. நண்பர் சொன்ன விவரத்தில், பெரிய லைன் ஒரு கம்பத்தில் முடிந்து, அங்கிருந்து சுமார் நூறு மீட்டர் கிளைக் கம்பி ஃபேக்டரி டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகிறது. எதற்கும் இருக்கட்டும் என்று அந்தக் கம்பத்தையும் ஒரு முனையாக வைத்தேன். துல்லியம் கூடும் என்று நினைப்பு. கிளையின் இம்பீடன்ஸ் பெரிய லைனில் நூற்றில் ஒரு பங்கு. சுமை முழுவதும் மூன்றாவது முனையில்.

```python
z12 = 0.08+0.03j
z23 = z12/100
V2 = V3 = 1+0j
for k in range(2000):
    old = V3
    V2 = (1/z12 + V3/z23)/(1/z12 + 1/z23)
    V3 = V2 - z23*(S/V3).conjugate()
    if abs(V3-old) < 0.001: break
```

கடைசி வரியைப் பாருங்கள். இரண்டு சுற்றுகளுக்கு இடையே வோல்டேஜ் 0.001-க்குக் குறைவாக மாறினால் நிறுத்து. புத்தகங்களில் பழகிய நிறுத்த விதி. முதல் சுற்றில் என்ன நடக்கிறது? கம்பத்து முனை தன் இரண்டு பக்கத்து வோல்டேஜ்களையும் சராசரி எடுக்கிறது. இரண்டும் 1, எனவே அதுவும் 1. பிறகு ஃபேக்டரி முனை தன் நூறு மீட்டர் கம்பியில் விழும் வோல்டேஜை மட்டும் கழிக்கிறது. அது 0.00085. நிறுத்த விதிக்குத் திருப்தி. 'குவிந்தது, ஒரே சுற்று, 0.99918.' பத்தரை கிலோமீட்டர் கம்பி கணக்குக்குள் வரவே இல்லை. சரியான விடை 0.9085.

சரி, விதியை இறுக்குவோம், 0.0001 வை என்பீர்கள். செய்து பார்த்தேன். இருநூற்று நாற்பது சுற்று அளவில் ஓடி, 0.92-ல் நின்றது. இப்போதும் நூற்றில் ஒன்றுக்கு மேல் பிழை, நிறுத்த விதி சொல்லும் அளவைப் போல நூறு மடங்கு.

காரணம் எளிது. கம்பமும் ஃபேக்டரியும் கிட்டத்தட்ட ஒரே புள்ளி. காஸ்-சைடலில் ஒவ்வொரு முனையும் பக்கத்து முனையைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. அதுவும் எந்தப் பக்கத்துக் கம்பி குட்டையோ, அந்தப் பக்கத்துக்காரர் சொல்லுக்கு எடை அதிகம். கம்பத்துக்குத் துணை மின்நிலையத்தின் சொல் ஒரு பங்கு, ஃபேக்டரியின் சொல் நூறு பங்கு. ஃபேக்டரி முனையோ கம்பத்தைத் தவிர வேறு யாரையும் பார்ப்பதில்லை. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக இறங்குகிறார்கள். சுமையே இல்லாவிட்டாலும் சுற்றுக்குப் பிழை 100/101 பங்கு மிச்சம் நிற்கும். சுமையையும் சேர்த்தால் ρ சுமார் 0.991. ஒரு தசம இலக்கம் சரியாக ஏறக்குறைய இருநூற்றைம்பது சுற்று.

இரண்டு முனைக் கணக்கில் இதே லைன், இதே சுமைக்குச் சுற்றுக்கு ஒரு இலக்கம் கிடைத்தது. நூறு மீட்டர் கம்பியைச் சேர்த்ததும் இருநூற்றைம்பது மடங்கு மெதுவாகிவிட்டது. நெட்வொர்க் மின்சார ரீதியாக மாறவே இல்லை. நான் வரைந்த விதம்தான் மாறியது. புத்தக அட்டவணையில் 'முனைகள் கூடக் கூட காஸ்-சைடலின் சுற்றுகள் கூடும்' என்று ஒரு வரி இருக்கும். என் குறை அந்த வரியில்தான். எண்ணிக்கை இரண்டிலிருந்து மூன்று ஆனதற்காக இது நடக்கவில்லை. மிக நீளமான கம்பியும் மிகக் குட்டையான கம்பியும் ஒரே முனையில் சந்தித்ததால் நடந்தது. சமமான நீளங்களாக மூன்று முனை வைத்திருந்தால் சுற்றுக்குப் பிழை பாதியாகக் குறைந்திருக்கும், நானும் எதையும் கவனித்திருக்க மாட்டேன். மாதிரிக் கணக்குகளில் பெரும்பாலும் எல்லா லைன்களும் ஏறக்குறைய ஒரே அளவு இம்பீடன்ஸோடுதான் வரும். மாணவன் இந்தப் பள்ளத்தை வகுப்பில் பார்க்கவே வாய்ப்பில்லை.

ஆக்ஸிலரேஷன் ஃபேக்டர் என்று ஒரு மருந்து உண்டு. ஒவ்வொரு திருத்தத்தையும் 1.6 மடங்காக்கு என்பார்கள். இங்கே அதைப் போட்டால் இலக்கத்துக்கு இருநூற்றைம்பது சுற்று என்பது அறுபதாகக் குறையும். 1.82 அருகில் வைத்தால் பத்து இருபதுக்கு வரும். ஆனால் 1.82 என்ற எண் இந்த 100-க்கு 1 விகிதத்திலிருந்து வருவது. அடுத்த நெட்வொர்க்குக்கு வேறு எண். அதைக் கண்டுபிடிக்கப் பிடிக்கும் நேரத்தில் நியூட்டனில் நான்கு முறை ஓட்டிவிடலாம். நியூட்டன் இந்த மூன்று முனையைப் பார்த்து அலட்டிக்கொள்வதே இல்லை. அது எல்லா முனைகளையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியில் சேர்த்துத் தீர்க்கிறது. கம்பமும் ஃபேக்டரியும் சேர்ந்து எவ்வளவு இறங்கவேண்டும் என்பது அதற்கு முதல் சுற்றிலேயே தெரிந்துவிடுகிறது. மூன்றே சுற்று, முன்பு போலவே.

ஆனால் என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடியது நியூட்டனின் வேகம் அல்ல, அதன் நிறுத்த விதி. நியூட்டன் நிரல் வோல்டேஜ் எவ்வளவு மாறியது என்று பார்ப்பதில்லை. ஒவ்வொரு முனையிலும் உள்ளே வரும் சக்தியும் வெளியே போகும் சக்தியும் சரியாகிறதா என்று பார்க்கிறது. அந்த மிஸ்மேட்சை என் 0.999 விடையில் போட்டுப் பார்த்தேன். ஃபேக்டரி முனையில் மிஸ்மேட்ச் கிட்டத்தட்ட பூஜ்யம், எல்லாம் சுத்தம். கம்பத்து முனையில்? துணை மின்நிலையத்திலிருந்து உள்ளே வருவது பூஜ்யம், ஏனென்றால் இரண்டு பக்கமும் வோல்டேஜ் 1. வெளியே ஃபேக்டரிக்குப் போவது 800 கிலோவாட். ஒரு சாலையோரக் கம்பம் தானாகவே 800 கிலோவாட் உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது! கணக்கில் இந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தால் எலக்ட்ரீஷியனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டி வந்திருக்காது. காஸ்-சைடலிலும் மிஸ்மேட்ச் பார்க்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அந்த முறைக்குள் அந்த எண் இயல்பாக வருவதில்லை, தனியாகக் கணக்கிட வேண்டும். அதனால் விட்டுவிடுகிறோம்.

மிஸ்மேட்ச் பார்க்க முடியாத இடத்தில், யாரோ எழுதிய நிரலின் விடை மட்டும் கையில் இருக்கும்போது, இன்னொரு வழி உண்டு. அடுத்தடுத்த இரண்டு திருத்தங்களின் விகிதத்தை எடுங்கள். அது 0.1 என்றால் கடைசித் திருத்தத்தைவிடப் பிழை சிறியது, நம்பலாம். 0.99 என்றால் இன்னும் போகவேண்டிய தூரம் கடைசித் திருத்தத்தைப் போல நூறு மடங்கு. திருத்தம் சின்னதாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: ஊர் வந்துவிட்டது, அல்லது வண்டி நகரவே இல்லை.

இந்த இரண்டு முறைகளும் எப்படி வந்தன என்பதைப் பார்த்தால் புத்தக அட்டவணையின் பூர்வீகம் புரியும். நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியபோது லோட் ஃப்ளோவுக்குக் கணினி கிடையாது. மலையிலிருந்து கோயம்புத்தூருக்கு லைன் என்ற அளவில் இருந்தவரை கைக்கணக்கே போதும். பிறகு மோயாறு, அறுபதுகளில் குந்தா என்று மின்நிலையங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. உலகம் முழுக்க அதே கதைதான். 1956-ல் வார்டும் ஹேலும் டிஜிட்டல் கணினியில் லோட் ஃப்ளோ செய்யும் கட்டுரையை வெளியிட்டார்கள். ஒவ்வொரு முனையாகத் திருத்திக்கொண்டு போகும் வகை. அன்றைய கணினி நினைவகத்துக்கு அதுதான் கட்டுப்படியாகும். நியூட்டன் முறை தெரியாமல் இல்லை. ஜேக்கோபியனை எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். 1967-ல் அமெரிக்காவின் போன்வில் பவர் அட்மினிஸ்ட்ரேஷனிலிருந்து டின்னியும் ஹார்ட்டும் எழுதிய கட்டுரை அதைத் தீர்த்தது. அந்த மாட்ரிக்ஸில் பெரும்பாலும் பூஜ்யங்கள்தான். பூஜ்யங்களைச் சேமிக்காமல், எந்த முனையை முதலில் நீக்குவது என்று வரிசையைப் புத்திசாலித்தனமாக அமைத்தால் நினைவகமும் நேரமும் மிச்சம். அட்டவணையில் 'நினைவகம் அதிகம்' என்று இன்றும் எழுதிக்கொண்டிருப்பது 1967-க்கு முந்தைய வாக்கியம். மூன்று முனைக்கு அது 4×4 மாட்ரிக்ஸ்!

கடைசியாக ஒரு விஷயம், இது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. மேலே இரண்டு முனைக்கு எழுதிய நாலு வரி நிரலை மறுபடி பாருங்கள். சுமையிலிருந்து கரண்ட், கரண்டிலிருந்து வோல்டேஜ் வீழ்ச்சி. இது காஸ்-சைடல் மட்டும் அல்ல, மரம்போலக் கிளைத்துப் போகும் ஃபீடர்களுக்கு விநியோகப் பொறியாளர்கள் பயன்படுத்தும் 'பின்னே போய் முன்னே வா' முறையும் இதுதான். கடைசி முனையிலிருந்து கரண்டுகளைக் கூட்டிக்கொண்டே துணை மின்நிலையம் வரை பின்னே போவது, அங்கிருந்து வோல்டேஜைக் கழித்துக்கொண்டே முன்னே வருவது. இரண்டு முனையில் இரண்டும் ஒன்றே. மூன்று முனையில் பிரிகின்றன. என் கம்பம்-ஃபேக்டரி கணக்கை இந்த முறையில் போட்டால் நூறு மீட்டர் கம்பி எந்தத் தொல்லையும் தராது. ρ பழையபடி 0.105, சுற்றுக்கு ஒரு இலக்கம். ஆக, நியூட்டனுக்குப் போகாமலேயே தப்பித்திருக்கலாம். என்னைக் கவிழ்த்தது திரும்பத் திரும்பத் திருத்தும் பழக்கம் அல்ல, ஒரு சுற்றில் ஒரு முனை பக்கத்து வீட்டைத் தாண்டிப் பார்க்காத பழக்கம். இந்த முறைக்கும் எல்லை உண்டு. லைன்கள் வளையமாகச் சேர்ந்தாலோ, வோல்டேஜைப் பிடித்து வைக்கும் ஜெனரேட்டர்கள் நடுவில் வந்தாலோ ஒட்டுவேலை செய்யவேண்டி வரும். குந்தாவின் மின்நிலையங்களைச் சேர்த்த கட்டமைப்புக்கு நான் நியூட்டனைத்தான் எடுப்பேன். கோத்தகிரி ஃபீடருக்கு எடுக்கமாட்டேன். மலை ஃபீடர்களில் மெல்லிய கம்பி என்பதால் மின்தடை ரியாக்டன்ஸைவிட இரண்டரை மடங்குக்கு மேல். நியூட்டனின் அவசரத் தம்பியான ஃபாஸ்ட் டிகப்பிள்ட் முறை இந்த விகிதம் தலைகீழாக இருக்கும் என்று நம்பிப் பிறந்தது, அதை இங்கே தொடவே கூடாது.

நண்பருக்குத் திருத்திய கணக்கை அனுப்பினேன். இப்போது இருக்கும் சுமைக்கே வீழ்ச்சி 9.15 சதவீதம். 11 கேவிக்கு மின்சார விதிகள் கீழே அனுமதிப்பது 9 சதவீதம். ஏற்கெனவே கோட்டைத் தாண்டித்தான் நிற்கிறார். புது வரிசை சேர்ந்து மொத்தச் சுமை ஐந்தில் ஒரு பங்கு கூடினால் வோல்டேஜ் 0.8875. லைன் முனையில் 720 கிலோவார் கெப்பாசிட்டர் போட்டுப் பவர் ஃபேக்டரை ஒன்றுக்குக் கொண்டுவந்தால் 0.915, அனுமதிக்குள் வந்துவிடும். இந்த முறை ஒவ்வொரு விடைக்குக் கீழேயும் மூன்று முனைகளின் மிஸ்மேட்சையும் எழுதியிருந்தேன்.

எலக்ட்ரீஷியன் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டாராம்: "கெப்பாசிட்டர் மொத்தமும் நம்ம பேனல்லயா, இல்ல மத்த ஃபேக்டரிக்காரங்களும் பங்கு போடணுமா?" அதற்கு என்னிடம் எந்த அல்காரிதமும் இல்லை. ஃபேக்டரிக்காரர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.